காலண்டர் வேலை: பத்து டவுன்லோடும் தீர்ந்துவிட்டது, அச்சடிக்க இந்த லைசன்ஸ் போதுமா?

மீனாட்சி_ரோஸ்ஹில்

எல்லோருக்கும் வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடை பேனர், வருடக் கடைசியில் காலண்டர், இவைதான் என் வேலை. இந்த வருடம் இரண்டு காலண்டர் வந்திருக்கிறது. ஒன்று பலசரக்குக் கடைக்கு, 1500 பிரதி, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்க. இன்னொன்று எங்கள் பக்கத்துக் கோவில் கமிட்டிக்கு, 800 பிரதி, திருப்பணிக்காக விற்கப் போகிறார்கள். பன்னிரண்டு மாதம், ஒரு அட்டை, ஆக 13 படம். அதே 13 படத்தை இரண்டுக்கும் போடலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஷட்டர்ஸ்டாக்கில் மாதம் 10 படம் சந்தா, 17ஆம் தேதி வாங்கினேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து 10 படம் இறக்கினேன். அதில் 3 படம் கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. ஒரு தேயிலைத் தோட்டப் படம் படுக்கைவாட்டில் ஒன்று, நிமிர்ந்த வாட்டில் ஒன்று என்று இறக்கினேன், அது இரண்டாகக் கணக்காகிவிட்டது. ஆக உருப்படியாகக் கையில் இருப்பது 6. இன்னும் 7 வேண்டும். 1ஆம் தேதி வந்ததும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் என்று காத்திருந்தேன், இன்று 2ஆம் தேதி, இன்னும் பூஜ்யம்தான் காட்டுகிறது. அச்சகத்துக்கு 12ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். பிடிக்காத படத்தைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா? அப்புறம் இந்தச் சந்தாவில் வரும் லைசன்ஸ் அச்சடிக்கப் போதுமா?

பெரியசாமி_போர்லூயி

தங்கச்சி, டவுன்லோடு தீர்ந்துபோனால் இணைய பேக்கேஜை மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் பையன் விளையாட்டு இறக்கியே மாதப் பாதியில் வேகம் குறைந்துவிடும், ஃபைபருக்கு மாறியதிலிருந்து அந்தத் தொல்லையே இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு வாரத்தில் ஆள் அனுப்புவார்கள்.

மீனாட்சி_ரோஸ்ஹில்

ஐயா, நன்றி, ஆனால் இது இணைய டேட்டா இல்லை. படம் விற்கும் தளத்தில் மாதத்துக்கு இத்தனை படம் என்று எண்ணிக் கொடுப்பார்கள், அந்த எண்ணிக்கையைத்தான் கேட்கிறேன்.

வேலன்72

நானும் பேனர் வேலை செய்கிறவன்தான். கவலைப்படாதீர்கள். இந்தப் படங்கள் எல்லாம் ராயல்டி ஃப்ரீ, அதாவது ஒருமுறை காசு கொடுத்தால் போதும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். அச்சுக்கு 5 லட்சம் பிரதி வரை அனுமதி என்று அவர்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. உங்களுக்கு இரண்டும் சேர்த்து 2300 பிரதிதான். நம் தீவில் 5 லட்சம் காலண்டர் யார் அடிக்கப் போகிறார்? தைரியமாக அச்சுக்குக் கொடுங்கள்.

கோகிலா_டர்பன்

மீனாட்சி, கொஞ்சம் பொறும்மா, அச்சுக்குக் கொடுத்துவிடாதே. நான் டர்பனில் விளம்பர ஏஜென்சியில் 14 வருடம் படம் வாங்கும் வேலையில்தான் இருந்தேன். வேலன் தம்பி சொன்னதில் பாதி சரி, மீதிப் பாதிதான் உன்னை மாட்டிவிடும்.

முதலில் எண்ணிக்கை. சந்தா மாதம் என்பது காலண்டர் மாதம் இல்லை. நீ பணம் கட்டிய தேதியிலிருந்து ஓடுகிறது. 17ஆம் தேதி கட்டினாய், அடுத்த 17ஆம் தேதிதான் புதிதாக 10 வரும். உன் கணக்குப் பக்கத்தில் புதுப்பிக்கும் தேதி போட்டிருக்கும், பார்.

எண்ணப்படுவது படம், அதாவது அந்தப் படத்தின் அடையாள எண். ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே ஆள், ஒரே நாளில் எடுத்தது என்றாலும் படுக்கைவாட்டுக்கு ஒரு எண், நிமிர்ந்ததற்கு வேறு எண். அதனால்தான் இரண்டு போயிற்று. ஆனால் ஏற்கெனவே வாங்கிய அதே எண்ணை, கணினி கெட்டுப்போனது, கோப்பு அழிந்தது என்று மறுபடி இறக்கினால் அது எண்ணிக்கையில் சேராது. தேடலில் போய்த் தேடாமல், உன் டவுன்லோடு வரலாற்றுப் பக்கத்திலிருந்து எடு. முக்கியமாக, முன்பு வாங்கிய அதே கணக்கில் உள்ளே போயிருக்க வேண்டும். எங்கள் ஏஜென்சியில் இரண்டு பேர் இரண்டு கணக்கில் ஒரே படத்தை வாங்கி இரண்டு தடவை காசு போனது நிறைய நடந்திருக்கிறது.

திருப்பிக் கொடுப்பது என்று எதுவும் கிடையாது. இறக்கிய நொடியில் லைசன்ஸ் எழுதப்பட்டுவிட்டது, கடைக்காரருக்குப் பிடித்ததா இல்லையா என்பது அவர்கள் பிரச்சினை இல்லை. அதற்குத்தான் வாட்டர்மார்க் போட்ட மாதிரிப் படம் இருக்கிறது. அதை எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒன்றும் எண்ணப்படாது. அதை வைத்து 13 பக்கமும் அடுக்கி, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட பிறகு நல்ல படத்தை இறக்கு. சந்தா வாங்கினதும் அன்றே பத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும், புதிதாக வாங்குகிற எல்லோருக்கும் தோன்றும்.

லைசன்ஸ் பற்றி ராத்திரி எழுதுகிறேன், அது இதைவிடப் பெரிய விஷயம். அதுவரை எதையும் அனுப்பாதே.

அருண்_கியூர்பிப்

கோகிலா அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஷட்டர்ஸ்டாக்கில் மாதம் 10 என்றால் மிச்சம் வைத்த படம் மாதக் கடைசியில் போய்விடும். நான் அடோபி ஸ்டாக் வைத்திருக்கிறேன், அதில் மிச்சம் அடுத்த மாதத்தோடு சேரும், ஒரு வரம்பு வரை. போன ஆடி மாதம் வேலையே இல்லை, இரண்டு படம்தான் எடுத்தேன், மீதி 8ம் வந்து சேர்ந்தது. ஆனால் சந்தாவை நிறுத்தினால் சேர்த்து வைத்தது எல்லாம் போய்விடும். அதனால் நிறுத்துவதற்கு முன்னால் நினைத்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே எடுத்த படத்தின் லைசன்ஸ் சந்தா நின்ற பிறகும் செல்லும், அதில் பயம் வேண்டாம்.

இன்னொன்று பாருங்கள். "மாதச் சந்தா" என்று நினைத்து வாங்குவது பல நேரம் வருட ஒப்பந்தம், பணம் மட்டும் மாதாமாதம் எடுப்பார்கள். நடுவில் நிறுத்தினால் அபராதம் மாதிரி ஒரு தொகை கேட்பார்கள். மீனாட்சி எதை வாங்கினார் என்று ரசீதைப் பார்த்துச் சொல்லட்டும்.

மீனாட்சி_ரோஸ்ஹில்

பார்த்தேன். வருடம் என்றுதான் இருக்கிறது. விலை குறைவாக இருந்ததால் அதை அழுத்தினேன். சரி, அது போகட்டும். தேதி விஷயம் இப்போது புரிகிறது. 17 வரை காத்திருக்க முடியாது, அதனால் தேவையான 7 படத்தைத் தனியாக பேக் வாங்கலாம் என்று நினைத்தேன். கோகிலா அக்கா எழுதும் வரை வாங்காமல் இருக்கிறேன்.

வேலன்72

அக்கா, பாதி சரி என்கிறீர்கள், எந்தப் பாதி தப்பு? 5 லட்சம் என்று எழுதியிருப்பதை என் கண்ணால் பார்த்தேனே.

கோகிலா_டர்பன்

நீ பார்த்தது சரிதான் தம்பி. ஷட்டர்ஸ்டாக்கில் ஸ்டாண்டர்ட் லைசன்ஸ், என்ஹான்ஸ்டு லைசன்ஸ் என்று இரண்டு. சாதாரணச் சந்தாவில் கிடைப்பது ஸ்டாண்டர்ட். அந்த 5 லட்சம் பிரதி ஸ்டாண்டர்டின் வரம்புதான். ஆனால் அது எந்த அச்சுக்கு என்று அதற்கு மேல் இருக்கும் வரியைப் படிக்க வேண்டும். பத்திரிகை விளம்பரம், புத்தக அட்டை, பொருளின் பெட்டி, லேபிள், லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, கடைக்குள் வைக்கிற விளம்பரப் பலகை, இந்த மாதிரி. நீ பேனர் செய்கிறாய் இல்லையா, உன் வேலை பெரும்பாலும் இதற்குள் அடங்கும், அதனால்தான் உனக்கு இதுவரை எதுவும் இடிக்கவில்லை.

காலண்டர் வேறு வகை. விற்பனைக்கோ விளம்பரமாகக் கொடுப்பதற்கோ செய்யும் பொருள் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். துணி, சுவர்ப்படம், காந்த வில்லை, பொம்மை, வாழ்த்து அட்டை, அதில் காலண்டரும் பெயர் சொல்லியே இருக்கிறது. அவற்றுக்கு என்ஹான்ஸ்டு வேண்டும், பிரதி 800 ஆனாலும் 80 ஆனாலும் சரி. இதில் மீனாட்சி கவனிக்க வேண்டியது, கோவில் காலண்டர் விற்பதால் என்ஹான்ஸ்டு என்று எல்லோருக்கும் புரியும். கடைக்காரர் இலவசமாகக் கொடுப்பதும் அதே வகைதான், விளம்பர வினியோகம் என்று அந்த வரியிலேயே இருக்கிறது. "நான் விற்கவில்லையே" என்ற வாதம் அங்கே நிற்காது. என்னிடம் வந்த சின்ன அச்சகக்காரர்களில் நிறையப் பேர் இங்கேதான் தவறினார்கள்.

இரண்டாவது, ராயல்டி ஃப்ரீ என்றால் ஒருமுறை காசு, திரும்பத் திரும்பப் பயன்பாடு, அது உண்மை. ஆனால் யாருக்காகப் பயன்பாடு? நீ உன் வாடிக்கையாளருக்காக வாங்கினால் அந்த லைசன்ஸ் அந்த ஒரு வாடிக்கையாளரின் வேலைக்கு. கடைக்கு வாங்கின 13 படத்தைக் கோவிலுக்கும் போட்டால் மறுபடி 13 லைசன்ஸ். அதாவது உன் கணக்கில் 13 இல்லை, 26, அதுவும் என்ஹான்ஸ்டில். என்ஹான்ஸ்டு உன் மாதம் பத்தில் கழியாது, தனியாக வாங்க வேண்டும், விலையும் பல மடங்கு.

ஏற்கெனவே இறக்கிய அந்த 6 படமும் ஸ்டாண்டர்ட். கடையின் முகநூல் பக்கத்துக்கோ துண்டுப் பிரசுரத்துக்கோ அதைத் தாராளமாகப் போடு. காலண்டருக்கு மட்டும் போடாதே.

செந்தில்_ரீயூனியன்

நான் காரைக்கால், இப்போது இருப்பது ரீயூனியனில், சேன்ட் ஆந்த்ரே. என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் சங்கத்துக்கு ஒரு சின்ன இதழ் வருகிறது. அதில் தைப்பூசக் காவடி பற்றிக் கட்டுரை எழுதினேன், ஸ்டாக் தளத்தில் ஒரு அருமையான காவடிப் படம் கிடைத்தது, அலகு குத்திய முகம் பக்கத்தில் தெரியும். கட்டுரையோடு போட்டோம், ஒரு சிக்கலும் இல்லை. அப்புறம் அதே படத்தை விழாவின் டிக்கெட் போஸ்டருக்கும் போட்டோம். அதற்குப் படத்தை எடுத்தவரிடமிருந்தே கடிதம் வந்தது. படத்தின் கீழே Editorial Use Only என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. போஸ்டர் எல்லாவற்றையும் கிழித்து எடுத்தோம், பணம் கட்டச் சொல்லவில்லை, ஆனால் வேலை முழுக்கத் திரும்பச் செய்தோம். காவடிப் படம் காலண்டரில் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சி_ரோஸ்ஹில்

செந்தில் அண்ணா, இருக்கிறது! அந்த 6 படத்தில் ஒன்று காவடிதான், தை மாதத்துக்கு வைத்திருந்தேன். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், அதே வார்த்தை இருக்கிறது. இதற்கும் என்ஹான்ஸ்டு வாங்கினால் சரியாகுமா?

கோகிலா_டர்பன்

ஆகாது. இதை நன்றாகப் புரிந்துகொள். என்ஹான்ஸ்டு என்பது எவ்வளவு, எந்தப் பொருளில் என்ற கேள்விக்குப் பதில். எடிட்டோரியல் என்பது வேறு கேள்வி. அந்தப் படத்தில் இருக்கிற பக்தரிடமோ கோவிலிடமோ எழுத்தில் சம்மதம் வாங்கவில்லை என்று அர்த்தம். சம்மதம் இல்லாததைத் தளம் உனக்கு விற்க முடியாது, எவ்வளவு காசு கொடுத்தாலும். செய்தி, கட்டுரை, பாடப் புத்தகம் இவற்றில் போடலாம். கடை விளம்பரத்திலும் விற்கிற காலண்டரிலும் போட முடியாது. செந்திலின் இதழில் சரியாக இருந்து போஸ்டரில் தப்பானது அதனால்தான்.

நம் ஊர்த் திருவிழாப் படங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் ஊர்வலத்தில் நடக்கிற ஆயிரம் பேரிடம் யார் கையெழுத்து வாங்குவார்? தேடும்போதே எடிட்டோரியல் படங்களை விலக்கிவிடும் வடிகட்டி பக்கவாட்டில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுத் தேடு.

அருண்_கியூர்பிப்

அக்கா, அடோபியில் வாசகம் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கேயும் ஸ்டாண்டர்டில் அச்சுக்கு 5 லட்சம்தான். அதற்கு மேலே எக்ஸ்டெண்டட் என்று ஒன்று, அந்தப் பொருளின் முக்கிய மதிப்பே படத்தால் வருகிறது என்றால் அது வேண்டும் என்கிறார்கள். பலசரக்குக் கடைக் காலண்டரை ஜனங்கள் தேதி பார்க்கத்தான் மாட்டுகிறார்கள், நல்ல நேரம், ராகு காலம், அமாவாசை. படம் இல்லாவிட்டாலும் மாட்டுவார்கள். அப்படியானால் முக்கிய மதிப்பு தேதியில்தானே? ஸ்டாண்டர்டே போதும் என்று நான் படிக்கிறேன்.

கோகிலா_டர்பன்

அருண், உன் வாதத்தில் நியாயம் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாதத்துக்கு ஒரு பெரிய படம் போட்ட பன்னிரண்டு பக்கக் காலண்டரை எடுத்துக்கொள். மேலே முக்கால் பக்கம் படம், கீழே சின்னதாகக் கட்டங்கள். அதன் மதிப்பு தேதியில் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். எங்கள் ஏஜென்சியில் இப்படி இழுபறியாக இருந்தால் காலண்டரின் மாதிரிப் பக்கத்தை இணைத்துத் தளத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுவோம், பதில் வந்த மின்னஞ்சலை வேலைக் கோப்பிலேயே வைப்போம். பதில் வராவிட்டால் எக்ஸ்டெண்டட் வாங்குவோம்.

அருண்_கியூர்பிப்

நான் இன்னும் ஸ்டாண்டர்ட் போதும் பக்கம்தான். கடை விசிட்டிங் கார்டில் போடலாம், பெட்டியில் போடலாம், தேதி அட்டையில் மட்டும் கூடாது என்பது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் எழுதிக் கேட்கிறேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

வேலன்72

சரி அக்கா, என் பாதி தப்பு இப்போது தெரிகிறது. இனிமேல் காலண்டர் வேலை வந்தால் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் தொடுவேன். ஒரு யோசனை. கோவில் காலண்டருக்கு சிவகாசியில் அச்சடித்த பழைய முருகன் படம் என்னிடம் நிறைய இருக்கிறது, ஸ்கேன் செய்து தருகிறேன், எந்தத் தளமும் வேண்டாமே?

கோகிலா_டர்பன்

அதற்கும் வரைந்தவர் ஒருவர் இருப்பார் தம்பி, அவரோ அவர் பிள்ளைகளோ அச்சகமோ அந்த உரிமையை வைத்திருப்பார்கள். இந்தியச் சட்டத்தில் ஓவியர் இறந்து 60 வருடம் வரை உரிமை ஓடும். ரவி வர்மா 1906இல் இறந்தவர், அவர் ஓவியங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. உன்னிடம் உள்ள படங்களை யார் வரைந்தார் என்று ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்.

மீனாட்சி_ரோஸ்ஹில்

இரண்டு நாளாக இங்கே வரவில்லை, ஓட்டம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

26 என்ஹான்ஸ்டு வாங்கினால் எனக்கு இரண்டு வேலையிலும் கையிலிருந்து போகும் என்று கணக்குப் போட்டதும் தெரிந்தது. அதனால் கடைக்காரரிடம் போய் வடிவத்தையே மாற்றலாம் என்று சொன்னேன். மேலே ஒரே ஒரு பெரிய படம், கீழே தினமும் கிழிக்கிற தேதிக் கட்டு, நம் அம்மா வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குமே, அந்த மாதிரி. அவருக்கு இதுதான் அதிகம் பிடித்தது, தேதிக் கட்டுக்கு மேலே கடைப் பெயர் வருடம் முழுக்கத் தெரியும் என்கிறார். ஆக 13 படம் ஒரு படமாகிவிட்டது, ஒரு என்ஹான்ஸ்டு வாங்கினேன், எடிட்டோரியல் வடிகட்டி போட்டுத் தேடின தேயிலைத் தோட்டப் படம். மாதிரிப் படத்தில் அவர் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் இறக்கினேன்.

கோவிலுக்கு ஸ்டாக் படமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். கமிட்டித் தலைவரின் அண்ணன் மகள் படம் எடுக்கிறவள், கோபுரம், தீபம், கோலம், பூக்கூடை என்று முகம் தெரியாத படமாக 12 கொடுத்தாள். காவடிக்கு மட்டும் அவளுடைய சித்தப்பாவே தூக்குகிற படம், அவர் சம்மதத்தை எழுதி வாங்கிவிட்டோம், கோவில் கமிட்டியும் கடிதம் கொடுத்தது. படம் எடுத்தவளிடமும் 800 பிரதிக்கு அனுமதி என்று ஒரு தாள் வாங்கினேன், உறவு என்றாலும்.

இப்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. போன வருடமும் இதே கடைக்கு 12 பக்கக் காலண்டர் செய்தேன், 1000 பிரதி, முழுக்க ஸ்டாண்டர்ட் லைசன்ஸ். அது எல்லார் வீட்டிலும் தொங்கி முடிந்தது. அதற்கு இப்போது ஏதாவது செய்ய வேண்டுமா?

கோகிலா_டர்பன்

முதலில் நல்லது செய்தாய், அந்தத் தாளையெல்லாம் காலண்டர் கோப்போடு ஒரே இடத்தில் வை.

போன வருடத்தது பற்றி, நான் ஏஜென்சியில் இருந்தபோது இரண்டு முறை இப்படிப் பின்னால் கண்டுபிடித்தோம். இரண்டு முறையும் நாங்களே தளத்துக்கு எழுதி, உயர்ந்த லைசன்ஸுக்குப் பின்தேதியில் காசு கட்டினோம். ஒரு தளம் வித்தியாசத்தை மட்டும் வாங்கியது, இன்னொன்று முழு விலை கேட்டது. உன் 12 படத்துக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கோப்பை மறுபடி அச்சுக்கு அனுப்பாதே, மிச்சப் பிரதி கடையில் இருந்தால் வாங்கி வைத்துவிடு.

செந்தில்_ரீயூனியன்

நான் எழுத மாட்டேன் என்று நினைக்கிறேன் அக்கா. எங்களுக்குக் கடிதம் வந்த பிறகுதான் பதில் எழுதினோம், மரியாதையாக முடிந்தது. ஒரு வருடக் காலண்டர், தேதி முடிந்துவிட்டது, தானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா?

மீனாட்சி_ரோஸ்ஹில்

அண்ணா, கடைக்காரர் பெயர் அதில் இருக்கிறது, கடிதம் வந்தால் அவருக்குத்தான் முதலில் வரும். அது எனக்கு ஒப்பவில்லை. இந்த வாரம் எழுதிப் பார்க்கிறேன். பழைய 12 படத்தின் எண்களும் டவுன்லோடு வரலாற்றில் இருக்கிறது, இப்போதுதான் எடுத்து வைத்தேன்.